சுகர் 18 வருஷம், கிரியேட்டினின் 1.6, ஆனா பொட்டாசியம் 6.1: இந்தக் கணக்கு எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

கிட்னி ஓபில உக்காந்திருக்கும்போது அடிக்கடி பாக்குற ஒரு காட்சி இது. ரொம்ப வருஷமா சுகர் இருக்குற ஒருத்தர் வேற எதுக்கோ ரத்தம் குடுத்திருப்பார், பொட்டாசியம் 6க்கு மேல வந்திருக்கும், உடனே வீட்ல எல்லாரும் சேர்ந்து அவரோட பழத்தை நிறுத்திடுவாங்க, அவரும் பயந்துபோய் ரெண்டு வாரம் பழமே தொடாம இருந்துட்டு திரும்ப டெஸ்ட் பண்ணா 5.9. "டாக்டர், நான் எதுவுமே சாப்டலையே, அப்புறம் எங்கிருந்து வருது இது?"ன்னு கேப்பார். நியாயமான கேள்விதான். பிரச்சனை உள்ள வர்றதுல இல்ல, வெளிய போற வழியில இருக்கு.

இதுக்குப் பேரு ஹைப்போரெனினீமிக் ஹைப்போஆல்டோஸ்டீரோனிசம். பேரைப் பாத்து பயப்பட வேணாம், ரெனின் கம்மி அதனால ஆல்டோஸ்டீரோன் கம்மி, அவ்வளவுதான் அர்த்தம். டைப் 4 ஆர்டிஏன்னும் சொல்லுவாங்க, கிட்னிக் குழாய் அமிலத்தைச் சரியா வெளியேத்தாத நிலைன்னு அர்த்தம், டிஸ்சார்ஜ் சம்மரில அந்தப் பேர்தான் அதிகமா இருக்கும்.

ஒரே ஒரு ஆளை வச்சு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் போவோம். வயசு 62, சுகர் 18 வருஷம், கால்ல லேசா வீக்கம், பிபி 150/86. பிபிக்கும் கிட்னிக்கும் சேத்து டெல்மிசார்டன் 80 மில்லிகிராம் எடுக்குறார். கிரியேட்டினின் 1.6, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டுற இஜிஎஃப்ஆர் 48. சோடியம் 138, பொட்டாசியம் 6.1, குளோரைடு 110, பைகார்பனேட் 18, அன்னிக்கு சுகர் 160. யூரின்ல புரோட்டீன் போகுது.

முதல்ல, அந்த 6.1 நிஜமா?

ரத்தம் எடுக்கும்போது கையைக் கட்டி "நல்லா மூடித் திறங்க, மூடித் திறங்க"ன்னு சொல்லுவாங்க இல்லையா, அது ஒண்ணே போதும், தசைலேர்ந்து பொட்டாசியம் கசிஞ்சு அந்தக் கைல எடுத்த ரத்தத்துல மட்டும் ஏறிக் காட்டும். சாம்பிள்ல ரத்த அணுக்கள் உடைஞ்சாலும், லேபுக்குப் போக ரொம்ப நேரம் ஆனாலும் இதே கதைதான், பிளேட்லெட் ரொம்ப அதிகமா இருக்குறவங்களுக்கும் இப்படி வரலாம். அதனால கையை மூடாம, கட்டை ரொம்ப நேரம் வைக்காம இன்னொரு தடவை எடுத்து சீக்கிரமா லேபுக்கு அனுப்பணும்.

ஆனா ரெண்டாவது ரிசல்ட் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு ஈசிஜி எடுத்துடணும், இதுல சோம்பேறித்தனம் கூடாது. டி அலை கூரா நிக்குது, பி அலை காணாமப் போகுது, க்யூஆர்எஸ் அகலமாகுதுன்னா அது எமர்ஜென்சி. 6.5க்கு மேல இருந்தாலும் அப்படித்தான், ஈசிஜி நல்லா இருந்தாலும் சரி. அந்த நிலைல ஹாஸ்பிடல்ல முதல்ல இதயத்தைக் காப்பாத்த கால்சியம் குளூகோனேட் நரம்புல போடுவாங்க, அது பொட்டாசியத்தை ஒரு பாயிண்ட் கூட குறைக்காது, இதயத்துக்கு ஒரு கவசம் மாதிரி மட்டும்தான். அப்புறம் இன்சுலின், கூடவே குளூக்கோஸ். சுகர் ஏற்கனவே 250க்கு மேல இருந்தா பொதுவா இன்சுலின் மட்டும் போதும். இன்சுலின் சுரக்காத ஆளுக்கு வெறும் குளூக்கோஸை மட்டும் ஏத்தினா பொட்டாசியம் செல்லுக்குள்ள போறதுக்குப் பதிலா வெளிய வந்து இன்னும் ஏறும். கிட்னி பலவீனமா இருக்குறவங்க உடம்புல இன்சுலின் நீண்ட நேரம் தங்கும், அதனால அடுத்த சில மணி நேரம் சுகர் இறங்குதான்னு மணிக்கு மணி பாக்கணும்.

நம்ம ஆளுக்கு ரெண்டாவது தடவை 6.0, ஈசிஜி நார்மல். அப்ப இது நிஜம், ஆனா யோசிக்க நேரம் இருக்கு.

அடுத்தது, கணக்கு எங்க இடிக்குது

இந்த விஷயத்துல இதுதான் முக்கியமான இடம், நிதானமா படிங்க. "கிட்னி கெட்டுப்போச்சு, அதான் பொட்டாசியம் ஏறிருச்சு"ன்னு ஒரு வரில முடிச்சுடுவாங்க. ஆனா இஜிஎஃப்ஆர் 48 இருக்குற கிட்னியால பொட்டாசியத்தைச் சமாளிக்க முடியும். 20க்கும் கீழ போனவங்க கூட நெறைய பேர் 5க்கு பக்கத்துலயே ஓட்டிட்டு இருப்பாங்க, ஏன்னா மிச்சம் இருக்குற நெஃப்ரான், அதாவது கிட்னியோட குட்டி வடிகட்டி, ஒவ்வொண்ணும் கூடுதலா வேலை செஞ்சு பொட்டாசியத்தைத் தள்ளிடும். அப்படித் தள்ளச் சொல்லி உத்தரவு போடுறதுதான் ஆல்டோஸ்டீரோன். ஆளு இருக்கு, உத்தரவு வரலன்னா வேலை எப்படி நடக்கும்?

உத்தரவு வர்ற வழி இதுதான். கிட்னில வடிகட்டிக்குள்ள போற ரத்தக்குழாயோட வாசல்ல சில செல்கள் இருக்கு, அதுங்கதான் ரெனின் சுரக்கும். ரெனின் ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும், அது கிட்னி தலைல உக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோனை சுரக்கவைக்கும். அந்த ஆல்டோஸ்டீரோன் திரும்ப கிட்னிக்கே வந்து கடைசிக் குழாய்ல சோடியத்தை உள்ள இழுத்து, அதுக்கு பதிலா பொட்டாசியத்தை யூரின்ல விடச் சொல்லும்.

பல வருஷ சுகர் இந்தச் சங்கிலில பல இடத்துல கை வைக்குது. அந்த வாசல் செல்கள் தழும்பாகிப் போகுது. ரெனினோட முன்னோடியான புரோரெனின் நெறைய சுத்திட்டு இருக்கும், ஆனா அது சரியா ரெனினா மாறாது. கால் மரத்துப்போற மாதிரியே ரெனினைத் தூண்டுற தானியங்கி நரம்பும் மரத்துப்போகுது. உப்பும் தண்ணியும் உடம்புல தேங்கி நிக்கிறதால "போதும், ரெனின் வேணாம்"னு உடம்பே அணைச்சு வேற வச்சுடுது, நம்ம ஆளோட கால் வீக்கமும் பிபியும் இதுக்கு சாட்சி.

இன்னொரு விஷயமும் இருக்கு, இது பலபேர் யோசிக்காதது. பொட்டாசியம் ஏறினாலே, ரெனின் இல்லாட்டியும், அட்ரினல் நேரடியா ஆல்டோஸ்டீரோனை சுரக்கணும். 6.1 இருக்கும்போது அது கொட்டணும். கொட்டலன்னா அட்ரினல்லயும் ஏதோ மந்தம் இருக்குன்னுதான் அர்த்தம்.

பைகார்பனேட்டைப் பாத்தீங்களா?

ரிப்போர்ட்ல எல்லாரும் பொட்டாசியத்துக்கு வட்டம் போடுவாங்க, பைகார்பனேட் 18ஐ விட்டுடுவாங்க. ஒரு சின்னக் கணக்கு போடுங்க: சோடியத்துலேர்ந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்கணும். 138 − (110 + 18) = 10. இது நார்மல். அதாவது ரத்தத்துல அமிலம் சேந்திருக்கு, ஆனா கீட்டோன் மாதிரியோ லாக்டிக் அமிலம் மாதிரியோ புதுசா எதுவும் வந்து சேரல, கிட்னி வெளிய தள்ளவேண்டிய அமிலத்தைத் தள்ளல.

ஏன் தள்ளலன்னா அதுக்கும் பொட்டாசியம்தான் பெரும்பாலும் காரணம். அமிலத்தை யூரின்ல ஏத்தி அனுப்ப கிட்னி அம்மோனியா தயாரிக்கணும், பொட்டாசியம் ஏறினா அந்தத் தயாரிப்பு படுத்துடும். அமிலத்தைத் தள்ளுற பம்ப் ஓரளவு ஓடிட்டுதான் இருக்கு, அதனால யூரின் பிஹெச் பொதுவா 5.5க்கு கீழதான் இருக்கும். வண்டி இல்லாத லோடு மாதிரி. இதுல நமக்கு ஒரு லாபம் என்னன்னா பொட்டாசியத்தை இறக்கினாலே பைகார்பனேட் பாதி தானா ஏறிடும்.

யூரின் பொட்டாசியம் பாக்கலாமான்னு கேட்டா, பாக்கலாம், பொட்டாசியம் 6 இருக்கும்போது யூரின்ல கொஞ்சமா போனா அது ஒரு துப்பு. ஆனா கிட்னி பொட்டாசியத்தை எவ்வளவு தள்ளுதுன்னு கணிக்க முன்னாடி டிடிகேஜின்னு ஒரு கணக்கு ரொம்ப பிரபலமா இருந்துச்சு, அதை உருவாக்கினவங்களே பின்னாடி அதோட அடிப்படை தப்புன்னு எழுதிட்டாங்க, இன்னும் சில இடத்துல போட்டுட்டு இருக்காங்க. அதை நம்பி முடிவு எடுக்காதீங்க.

பையைக் கொட்டுங்க

நான் எப்பவும் "மாத்திரை லிஸ்ட் என்ன"ன்னு கேக்கமாட்டேன், "பையோட கொண்டுவாங்க"ன்னுதான் சொல்லுவேன். லிஸ்ட்ல டாக்டர் எழுதினது மட்டும்தான் இருக்கும்.

நம்ம ஆளோட பைல டெல்மிசார்டன் இருந்துச்சு, சுகர் மாத்திரை இருந்துச்சு, அடில ஒரு ஐபுபுரோஃபன் அட்டை, பத்துல ஏழு காலி.

"இது எதுக்கு சார்?"

"அது முட்டி வலிக்கு டாக்டர், அது மாத்திரைன்னு சொல்லல, எப்பவாவதுதான் போடுவேன்."

எப்பவாவதுன்னா எப்படின்னு தோண்டினா, ஒரு மாசமா தினம் ரெண்டு. ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க எல்லாம் ரெனின் சுரப்பை நேரடியா அமுக்கும். ஏற்கனவே தடுமாறிட்டு இருந்த ரெனினை அது தரைல தள்ளிடுச்சு, டெல்மிசார்டன் அதுக்கு அடுத்த கண்ணியை அடைச்சுடுச்சு. ரெண்டுல எதுவும் ஆரோக்கியமான கிட்னில பொதுவா இவ்வளவு தூரம் கொண்டுபோகாது, உள்ள இந்தக் குறை இருக்கும்போதுதான் 6 தாண்டும். அதனால "மாத்திரையாலதான்"னு சொல்றதும் பாதி உண்மை, "நோயாலதான்"னு சொல்றதும் பாதி உண்மை.

அப்புறம் அவர் மனைவி ஒண்ணு சொன்னாங்க: "பிபின்னு சொன்னதால சோடியம் கம்மியான உப்புதான் டாக்டர் வாங்குறேன்." பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா பொட்டாசியம் குளோரைடு. நல்லது செய்யுறோம்னு நெனச்சு தினமும் பொட்டாசியத்தையே தூவிட்டு இருந்திருக்காங்க, பாவம்.

இது போக தேடவேண்டியது: ஸ்பைரனோலாக்டோன், ஃபினெரினோன், பீட்டா பிளாக்கர், ட்ரைமெத்தோப்ரிம் கலந்த ஆன்டிபயாடிக், உறுப்பு மாற்று பண்ணவங்க எடுக்குற டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின். ஹாஸ்பிடல்ல படுத்திருந்தவங்கன்னா ஹெப்பாரின் ஊசி. ஹெப்பாரின் ரத்தக் கட்டிக்கு மட்டும்தான்னு நெனைப்போம், அட்ரினல்ல ஆல்டோஸ்டீரோன் தயாரிக்கிறதையும் அது நிறுத்தும், சில நாள் கழிச்சு பொட்டாசியம் ஏற ஆரம்பிக்கும்.

ரெனின், ஆல்டோஸ்டீரோன் டெஸ்ட் பண்ணியே ஆகணுமா?

என் கருத்து, எல்லாருக்கும் தேவையில்ல. நீண்ட நாள் சுகர், நடுத்தர கிட்னி பாதிப்பு, அதுக்குப் பொருந்தாத பொட்டாசியம், லேசான அமிலத்தன்மை, பிபி அதிகம், கால் வீக்கம், எல்லாம் சேந்து வந்தா நோய் இதுதான்னு வச்சுக்கிட்டு வைத்தியத்தை ஆரம்பிக்கலாம், டெஸ்ட் வந்தாலும் வைத்தியம் மாறப்போறதில்ல.

ஆனா ஒரு இடத்துல கட்டாயம் பண்ணணும். பிபி குறைவா இருக்கு, எழுந்தா தலை சுத்துது, எடை குறையுது, சோடியமும் கம்மி, இன்சுலின் தேவை காரணமே இல்லாம குறைஞ்சுட்டே வருதுன்னா அது அடிசன் நோயா இருக்கலாம், அதாவது அட்ரினலே அழிஞ்சுட்டு இருக்கு. டைப் 1 சுகர் இருக்குறவங்ககிட்ட இந்தச் சந்தேகம் எப்பவும் ஒரு ஓரத்துல இருக்கணும், ரெண்டுமே உடம்பு தன்னைத்தானே தாக்குற நோய், ஜோடியா வரும். அதைத் தவறவிட்டா உயிருக்கே ஆபத்து. அட்ரினல் சுரக்குற இன்னொரு ஹார்மோனான கார்டிசாலை காலைல 8 மணிக்குப் பாத்தா வழி தெரியும். அடிசன்ல கார்டிசால் கம்மி, ஆல்டோஸ்டீரோன் கம்மி, ஆனா ரெனின் எகிறி இருக்கும். நம்ம விஷயத்துல கார்டிசால் நார்மல், ஆல்டோஸ்டீரோன் கம்மி, ரெனினும் கம்மி.

பண்றதா இருந்தா காலைல எழுந்து ரெண்டு மணி நேரமாவது நடமாடினதுக்கு அப்புறம் எடுக்கணும், படுத்தே இருந்தா யாருக்குமே ரெனின் குறைவாத்தான் இருக்கும். வலி மாத்திரையும் பீட்டா பிளாக்கரும் ரெனினை பொய்யா குறைச்சுக் காட்டும். டெல்மிசார்டன் வகை நேர் எதிர், ரெனினை ஏத்தும், அதனால அதைச் சாப்பிட்டும் ரெனின் கம்மியா வந்தா அது இன்னும் வலுவான சாட்சி.

லேப் ஆளுங்களுக்கு ஒரு விஷயம்: ரெனின் சாம்பிளை ஐஸ்ல வைக்காதீங்க. குளிர்ல புரோரெனின் தானா ரெனினா மாறிடும், சுகர் பேஷண்ட்கிட்ட புரோரெனின் ஏற்கனவே நெறைய இருக்கும்னு மேல சொன்னேன் இல்லையா, அவங்க சாம்பிள் ஐஸ்ல உக்காந்தா கம்மியா இருக்கவேண்டிய ரெனின் நார்மல்னு வந்து நிக்கும், நாம வேற எங்கயோ தேடிட்டு இருப்போம்.

இப்ப இறக்குறது

நம்ம ஆளுக்கு என்ன செஞ்சோம்னு சொல்றேன், இதை அப்படியே யாரும் வீட்ல செஞ்சு பாக்காதீங்க, ஒவ்வொருத்தருக்கும் பிபி, இஜிஎஃப்ஆர் பாத்து டாக்டர்தான் மாத்தணும்.

ஐபுபுரோஃபன் நிறுத்தம், வலிக்கு பாராசிட்டமால். அந்த உப்பு பாக்கெட் குப்பைக்குப் போச்சு. டெல்மிசார்டன் தற்காலிகமா நிறுத்தம். பிபியும் வீக்கமும் இருக்கே, அதனால குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் ஆரம்பிச்சோம். இந்த நோய்க்கு யூரின் மாத்திரை ரொம்ப பொருத்தமான மருந்து, ஏன்னா கடைசிக் குழாய்க்கு சோடியம் அதிகமா போய்ச் சேந்தா அங்க பொட்டாசியம் வெளிய வர வழி கெடைக்கும், தேங்கின உப்பும் தண்ணியும் போகும். இஜிஎஃப்ஆர் 30க்கு கீழ இருந்தா ஃபுரோசமைட் வகைக்குப் போறதுதான் வழக்கம். கூட சோடியம் பைகார்பனேட் 500 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு.

மூணாம் நாள் பொட்டாசியம் 5.4. ரெண்டு வாரத்துல 4.9, பைகார்பனேட் 21, பிபி 138/80, கால் வீக்கம் வத்திருச்சு.

ஆல்டோஸ்டீரோன்தானே இல்ல, அதையே மாத்திரையா குடுத்துட்டா என்னன்னு நீங்க கேக்கலாம். ஃப்ளூட்ரோகார்டிசோன்னு ஒண்ணு இருக்கு, வேலையும் செய்யும். ஆனா அது உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், பிபி ஏறும், வீக்கம் ஏறும், இதயம் பலவீனமா இருக்குறவங்களுக்கு மூச்சு வாங்கும். அடிசனுக்கு 0.1 மில்லிகிராம் அளவுல போதும், இவங்களுக்கு கிட்னியே சரியா கேக்காததால அதைவிட அதிகம் தேவைப்படும், அப்ப பக்கவிளைவும் அதிகம். பிபி குறைவா, வீக்கம் இல்லாத ஆளுக்கு மட்டும்தான் நான் அதை யோசிப்பேன். நம்ம ஆளுக்கு அது சரிவராது.

நிறுத்தின மாத்திரையை மறந்துடாதீங்க

நெறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. பொட்டாசியம் நார்மல் ஆயிடுச்சு, எல்லாரும் சந்தோஷம், டெல்மிசார்டன் நின்னது நின்னதுதான். ஆனா யூரின்ல புரோட்டீன் போற சுகர் கிட்னிக்கு அந்த மாத்திரைதான் காவல். பொட்டாசியத்துக்குப் பயந்து அதை ஒரேயடியா விட்டுட்டா நம்பர் அழகா இருக்கும், கிட்னி வேகமா போகும்.

அதனால ரெண்டாவது வாரம் டெல்மிசார்டன் 40ல திரும்ப ஆரம்பிச்சோம். ஒரு வாரம் கழிச்சு பொட்டாசியம் 5.2. இதைப் பாத்து பதறல, அப்படியே தொடர்ந்தோம், கூட டாபாகிளிஃப்ளோசின் 10 சேத்தோம், அந்த வகை மருந்து கிட்னியையும் பாதுகாக்கும், பொட்டாசியம் பெருசா ஏறுற வாய்ப்பையும் குறைக்கும். ஒரு மாசம் கழிச்சு 5.0. எந்த மாத்திரையோட அளவை மாத்தினாலும் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள பொட்டாசியம், கிரியேட்டினின் பாக்கணும், இது மட்டும் விடவே கூடாது.

இதெல்லாம் செஞ்சும் 5.5க்கு மேலயே நிக்குதுன்னா குடல்லயே பொட்டாசியத்தைப் பிடிக்கிற பவுடருங்க இருக்கு. பாட்டிரோமர் எடுத்தா மத்த மாத்திரைக்கும் அதுக்கும் மூணு மணி நேரம் இடைவெளி விடணும், மெக்னீசியம் குறையுதான்னும் பாக்கணும். சோடியம் ஸிர்கோனியம் சைக்ளோசிலிகேட் வேகமா வேலை செய்யும், ஆனா பேர்லயே சோடியம் இருக்கு, சிலருக்கு கால் வீங்கும். மலச்சிக்கலையும் கவனிங்க, கிட்னி தள்ளாததை குடல்தான் கொஞ்சம் தள்ளிட்டு இருக்கும், அதுவும் அடைச்சுக்கிட்டா நம்பர் ஏறும்.

சாப்பாட்டைப் பத்தி கடைசியாத்தான் சொல்றேன், வேணும்னேதான். பழ ஜூஸ், உலர்ந்த பழம், தக்காளி சாஸ் மாதிரி ஒரே நேரத்துல நெறைய உள்ள போறதைக் குறைங்க. உருளைக்கிழங்கை சின்னதா வெட்டி நெறைய தண்ணில வேகவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா பொட்டாசியம் கணிசமா போயிடும். முழுசா பழம் காய்கறியே வேணாம்னு இருந்தா மலச்சிக்கல்தான் வரும். சுகர் ரொம்ப ஏறவிட்டாலும் செல்லுக்குள்ள இருக்குற பொட்டாசியம் வெளிய வரும், அதனால இன்சுலினை ஒழுங்கா போடுறதும் பொட்டாசிய வைத்தியம்தான்.

ஆறு மாசம் கழிச்சு

கதை 5.0ல முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆறு மாசம் கழிச்சு அவருக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், வேற ஒரு இடத்துல காட்டியிருக்கார், ட்ரைமெத்தோப்ரிமும் சல்ஃபாமெத்தாக்சசோலும் கலந்த மாத்திரை குடுத்திருக்காங்க. சாதாரணமா நல்ல மருந்துதான், ஆனா ட்ரைமெத்தோப்ரிம் கிட்னியோட கடைசிக் குழாய்ல சோடியம் உள்ள போற கதவை அடைக்கும், கதவு அடைஞ்சா பொட்டாசியம் வெளிய வராது. ஆல்டோஸ்டீரோன் ஏற்கனவே இல்லாத ஆளுக்கு மிச்சம் இருந்த வழியும் போச்சு. அஞ்சாம் நாள் கால் தளர்ந்து மாடிப்படி ஏற முடியாம வந்தார், பொட்டாசியம் 6.6, ஈசிஜில டி அலை கூரா நிக்குது. அட்மிஷன், கால்சியம், இன்சுலின் எல்லாம் போட்டு ரெண்டு நாள்ல சரியானார்.

இப்ப அவர் பர்ஸ்ல ஒரு அட்டை இருக்கு, அவர் மனைவி கைப்பட எழுதினது. மேல "எனக்கு பொட்டாசியம் ஏறும் நோய், டைப் 4 ஆர்டிஏ"ன்னு, கீழ வலி மாத்திரை வேணாம், ட்ரைமெத்தோப்ரிம் வேணாம், சோடியம் குறைஞ்ச உப்பு வேணாம், புது மாத்திரை எது ஆரம்பிச்சாலும் ஒரு வாரத்துல பொட்டாசியம் பாக்கணும்னு. போன தடவை வந்தப்ப பல் டாக்டர்கிட்ட காட்டினாராம், அவர் எழுத வந்த டைக்ளோஃபெனாக்கை அடிச்சுட்டு பாராசிட்டமால் எழுதினாராம்.